கொன்ற பிறகும் தூங்கும் பிராசஸ்

லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பவர்கள் `kill -9` கட்டளையைக் கடைசி ஆயுதமாக வைத்திருப்பார்கள். சாதாரண `kill` கட்டளையை ஒரு நிரல் காதில் வாங்காமல் இருந்துவிடலாம். ஆனால் எண் 9 கொண்ட சிக்னலை எந்த நிரலாலும் தடுக்கவோ ஒதுக்கவோ முடியாது என்பது விதி. அதனால்தான் அந்தக் கட்டளையையும் கொடுத்த பிறகு, `ps` பட்டியலில் அதே பிராசஸ் அதே எண்ணோடு அப்படியே நிற்பதைப் பார்த்தால் கை சற்றுத் தடுமாறும். மறுபடி கொடுத்துப் பார்ப்பார்கள். `root` ஆக மாறிக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஒன்றும் நடக்காது. அந்த வரியில் STAT என்ற பத்தியைப் பார்த்தால், பெரும்பாலும் D என்ற ஒற்றை எழுத்து இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலைத்தான் பிராசஸ் என்கிறோம். `ps` அந்தப் பிராசஸ்களைப் பட்டியலிடும் கட்டளை. ஒவ்வொன்றும் இந்த நொடியில் என்ன நிலையில் இருக்கிறது என்பதை STAT பத்தியின் முதல் எழுத்து சொல்லும். R என்றால் சிபியுவில் ஓடுகிறது, அல்லது ஓடுவதற்குத் தன் முறைக்காக வரிசையில் நிற்கிறது. S என்றால் தூங்குகிறது: விசைப்பலகையில் யாராவது தட்டுவதற்கோ, வலையிலிருந்து ஏதாவது வருவதற்கோ, ஒரு நேரம் கழிவதற்கோ காத்திருக்கிறது. எந்தக் கணினியிலும் பெரும்பான்மையான பிராசஸ்கள் S நிலையில்தான் இருக்கும். T என்றால் யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். I என்பது வேலையின்றிக் கிடக்கும் கெர்னலின் சொந்த இழைகள், அவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம். Z என்பது ஏற்கெனவே முடிந்துபோன பிராசஸ். அதன் முடிவுக் கணக்கை அதைத் தொடங்கிய தாய்ப் பிராசஸ் இன்னும் வாங்கிக்கொள்ளாததால் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கிறது. அதற்கும் `kill -9` பலிக்காது, ஆனால் காரணம் எளிது: இறந்ததை மறுபடி கொல்ல முடியாது. தாய்ப் பிராசஸைக் கவனித்தால் அது போய்விடும்.

D அப்படியல்ல. அதுவும் தூக்கம்தான், உயிரோடு இருக்கும் பிராசஸின் தூக்கம். ஆனால் எந்தச் சிக்னலாலும் கலையாத தூக்கம். `/proc` அடைவில் அந்தப் பிராசஸின் விவரக் கோப்பைத் திறந்தால் `D (disk sleep)` என்றே எழுதியிருக்கும். கெர்னலின் மூலநிரலில் அதன் பெயர் `TASK_UNINTERRUPTIBLE`.

இதை ஒரு முறை நாமே உண்டாக்கிப் பார்ப்பது நல்லது. பழுதான டிஸ்க் எதுவும் தேவையில்லை. ஒரு சோதனைக் கணினியில் `root` ஆக இருந்து, 100 மெகாபைட் அளவில் ஒரு கோப்பை உருவாக்கி, அதையே ஒரு டிஸ்க்காகப் பாவித்து, அதன்மேல் ஒரு கோப்பு முறைமையை அமைத்துப் பொருத்துகிறோம். பிறகு அதை உறையவைக்கிறோம்.

```
truncate -s 100M /tmp/d.img
mkfs.ext4 -q /tmp/d.img
mkdir /mnt/s
mount -o loop /tmp/d.img /mnt/s
fsfreeze -f /mnt/s
touch /mnt/s/a &
```

`fsfreeze -f` என்பது "இனி நான் சொல்லும்வரை இந்தக் கோப்பு முறைமையில் யாரும் எதையும் எழுதக்கூடாது" என்ற உத்தரவு. கணினி நிற்காமல் ஓடும்போதே டிஸ்கின் படியெடுக்க, மெய்நிகர் கணினிகளின் பேக்கப் மென்பொருள்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. சில நொடிகள் உறையவைத்து, படியெடுத்து, விடுவித்துவிடும். (இதை `/` மீது மட்டும் சோதித்துவிடாதீர்கள். விடுவிக்கும் கட்டளையைத் தட்டுவதற்கே வழியில்லாமல் போகலாம்.) கடைசி வரியில் உள்ள `touch`, `a` என்ற வெற்றுக் கோப்பை உருவாக்கப் போகிறது. உறைந்த இடத்தில் எழுத முடியாது, அதனால் காத்திருக்கிறது. இப்போது பாருங்கள்:

```
ps -o pid,stat,wchan:24,cmd -C touch
    PID STAT WCHAN                    CMD
   4127 D    percpu_rwsem_wait        touch /mnt/s/a
```

WCHAN பத்தியில் இருப்பது, அந்தப் பிராசஸ் கெர்னலின் எந்தச் செயற்கூறுக்குள் நின்று காத்திருக்கிறது என்பதன் பெயர். கெர்னல் பதிப்புக்கு ஏற்ப இது சற்று மாறலாம். இங்கே `kill -9 4127` கொடுங்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. கெர்னல் சிக்னலை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பிராசஸ் போகவில்லை. சிக்னல் எங்கே போயிற்று?

```
grep Pnd /proc/4127/status
SigPnd: 0000000000000100
ShdPnd: 0000000000000100
```

அங்கேயேதான் இருக்கிறது. இது பதினாறின் அடிமானத்தில் எழுதப்பட்ட எண். இதில் 100 என்றால் வலமிருந்து ஒன்பதாவது பிட் ஏற்றப்பட்டிருக்கிறது என்று பொருள், அதாவது 9-ஆம் சிக்னல் வந்து நிலுவையில் கிடக்கிறது. இன்னும் பத்து முறை `kill -9` கொடுத்தாலும் இந்த எண் மாறாது. ஏற்கெனவே ஏற்றிய பிட்டை மறுபடி ஏற்றுவதில் ஒன்றுமில்லை.

இங்கேதான் பலருடைய மனச்சித்திரம் பிசகுகிறது. `kill -9` கொடுத்தால் கெர்னல் எங்கிருந்தோ கை நீட்டி அந்தப் பிராசஸைப் பிடுங்கி எறிகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் கெர்னல் செய்வது, பிராசஸின் பெயருக்கு ஒரு கடிதத்தைக் கதவுக்கடியில் செருகுவதுதான். எடுத்துப் படித்து, அதன்படி தன்னை முடித்துக்கொள்ள வேண்டியது அந்தப் பிராசஸே. திறந்த கோப்புகளை மூடுவது, நினைவகத்தைத் திருப்பிக் கொடுப்பது எல்லாம் அந்தப் பிராசஸின் பெயரிலேயே, அதன் நேரத்திலேயே நடக்கின்றன. அதைப் படிக்கும் இடமும் ஒன்றே: கெர்னலுக்குள் போன பிராசஸ் வேலையை முடித்துக்கொண்டு தன் சொந்த நிரலுக்குத் திரும்பும் வாசல். அந்த வாசலில் நின்று "நிலுவையில் சிக்னல் உண்டா" என்று பார்க்கும்போது 9 கிடந்தால், அதன் பிறகு நிரலின் ஒரு வரிகூட ஓடாது.

S நிலையில் தூங்கும் பிராசஸுக்குச் சிக்னல் வந்தால், கெர்னல் அதை எழுப்பியும் விடுகிறது. எழுந்த பிராசஸ் வாசலுக்கு வந்து, படித்து, வெளியேறுகிறது. `sleep 1000` என்று ஓடுவதைக் கொல்ல முயன்றால் நொடியில் போவது இதனால்தான். D நிலையில் உள்ளதைச் சிக்னலுக்காக எழுப்புவதில்லை. எதற்காகக் காத்திருக்கிறதோ அது நடந்தால்தான் எழும். எழும்வரை வாசலுக்கு வராது. வாசலுக்கு வராதவரை எதையும் படிக்காது.

இப்போது உறைந்ததை விடுவிக்கலாம்:

```
fsfreeze -u /mnt/s
ls -l /mnt/s/a
```

விடுவித்த கணத்திலேயே `touch` போய்விடும், ஷெல் "Killed" என்று அறிவிக்கும். ஆனால் `ls` கொடுத்தால் `a` என்ற கோப்பு அங்கே இருக்கிறது. கொலை ஆணை முன்பே வந்துவிட்டது, கோப்பு அதற்குப் பிறகு உருவாகியிருக்கிறது. எழுந்த பிராசஸ் கெர்னலுக்குள் பாதியில் விட்ட வேலையை முதலில் முடித்தது, பிறகுதான் வாசலுக்கு வந்தது. `kill -9` என்றால் "இந்த நொடியோடு நிறுத்து" என்று நம்பியிருப்பவர்கள் இந்தக் கோப்பைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சரி, ஏன் எழுப்பக்கூடாது? இறந்தாக வேண்டிய பிராசஸ்தானே, தட்டி எழுப்பி அனுப்பிவிட்டால் என்ன?

காத்திருக்கும் நேரத்தில் அந்தப் பிராசஸ் கெர்னலின் நிரலுக்குள், ஒரு வேலையின் நடுவில் இருக்கிறது. வெறுங்கையோடு நிற்பதும் அபூர்வம். ஒரு அடைவில் புதுக் கோப்பைச் சேர்க்கிறது என்றால், வேறு யாரும் அதே அடைவை அதே நேரத்தில் மாற்றாதபடி ஒரு பூட்டைப் போட்டிருக்கும். பூட்டைப் போட்டவர்தான் திறக்க வேண்டும். நடுவில் அது மறைந்துவிட்டால் பூட்டு அப்படியே கிடக்கும். அந்த அடைவைத் தொட வரும் அடுத்த பிராசஸ் பூட்டுக்காகக் காத்திருக்கும், அதற்கடுத்ததும் காத்திருக்கும். சிக்கிய ஒன்றை அகற்றப் போய் நூறு சிக்கிவிடும்.

இதைவிட மோசமானது நினைவகம். டிஸ்க் தரவை அனுப்பும்போது சிபியுவின் வழியாக ஒவ்வொரு பைட்டாக அனுப்புவதில்லை. "நினைவகத்தில் இந்த முகவரியில் கொண்டுபோய் எழுது" என்று ஒரு முறை சொல்லிவிட்டால், சாதனமே நேராக எழுதிவிடும். அந்த முகவரி இந்தப் பிராசஸுக்குச் சொந்தமான இடமாக இருக்கலாம். சாதனம் எழுதி முடிக்கும் முன் பிராசஸை அழித்து அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், சாதனத்துக்கு அது தெரியாது. தரவு வந்ததும் சொன்ன முகவரியில் எழுதும். சம்பந்தமே இல்லாத இன்னொரு நிரலின் நினைவகத்தில், அதற்குத் தெரியாமல். சிக்கிய பிராசஸ் கண்ணுக்குத் தெரியும். இப்படிக் கெட்டுப்போன தரவு பல நாள் கழித்தே தெரியும்.

இதற்கெல்லாம் வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தூங்கப் போகும் ஒவ்வொரு இடத்திலும், "நடுவில் எழுப்பப்பட்டால் பூட்டுகளை இந்த வரிசையில் திற, சாதனத்துக்குக் கொடுத்த வேலையை ரத்து செய், பாதி செய்ததை இப்படித் திரும்பப் பெறு" என்று பின்வாங்கும் நிரலையும் எழுதிவைத்தால் போதும். S தூக்கம் உள்ள இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். D தூக்கம் உள்ள இடங்களில் அந்தப் பின்வாங்கும் வழி எழுதப்படவில்லை. D என்ற எழுத்தின் மெய்யான பொருள் இதுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்: இங்கிருந்து பின்னால் போகும் பாதை இல்லை, முன்னால் மட்டுமே போகலாம்.

ஏன் எழுதவில்லை என்பதற்கு ஐம்பது ஆண்டுப் பழைய ஒரு நம்பிக்கை காரணம். 1975-இல் பெல் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில், பிராசஸைத் தூங்க வைக்கும் செயற்கூறின் பெயர் `sleep`. தூங்கப் போகிறவர் ஒரு முன்னுரிமை எண்ணையும் சொல்ல வேண்டும். அந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் சிக்னல்களுக்குச் செவிசாய்க்காத தூக்கம், மேலே இருந்தால் சிக்னலுக்கு எழும் தூக்கம். டிஸ்கிலிருந்து தரவு வரக் காத்திருப்பதற்கான எண் −50. தட்டச்சு முனையத்தில் மனிதர் தட்டுவதற்குக் காத்திருப்பதற்கான எண் 10.

இந்த இரண்டு எண்களுக்கு இடையில் ஒரு தெளிவான கணிப்பு இருக்கிறது. மனிதர் எப்போது தட்டுவார் என்று தெரியாது, தேநீர் குடிக்கப் போயிருக்கலாம், ஆகவே அந்தத் தூக்கத்தைக் கலைக்க வழி வேண்டும். டிஸ்க் அப்படியல்ல. ஒன்று சில மில்லிநொடிகளில் தரவைத் தரும், இல்லையென்றால் பழுது என்று சொல்லும். எப்படியும் பதில் வந்துவிடும். அவ்வளவு குறுகிய காத்திருப்பை நடுவில் கலைப்பதற்காகச் சிக்கலான நிரலை யார் எழுதுவார்கள்? அன்றைக்கு அது முழுக்க நியாயமான முடிவு. அந்தக் கணினியின் டிஸ்க் அதே அறையில், கம்பி நீளத் தொலைவில் இருந்தது.

1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் என்எஃப்எஸ் என்ற முறையைக் கொண்டுவந்தபோது அந்தக் கணிப்பு உடைந்தது. வேறொரு கணினியின் டிஸ்கை வலை வழியாகப் பொருத்தி, நம்முடைய சொந்த டிஸ்க் போலவே பயன்படுத்தும் ஏற்பாடு இது. நிரலுக்கு வித்தியாசம் தெரியாது, அதுதான் அதன் அழகு. கெர்னலின் தூக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அதுதான் தொல்லை. சில மில்லிநொடிகளில் பதில் வரும் என்று நம்பிய அதே கலையாத தூக்கம், இப்போது மின்சாரம் போன இன்னொரு அறையின் சர்வருக்காகக் காத்திருந்தது.

என்எஃப்எஸ் பொருத்தும்போது `hard` என்பதே இயல்பான அமைப்பு. சர்வர் பதில் சொல்லாவிட்டால் கைவிடாமல் கேட்டுக்கொண்டே இரு என்று பொருள். `timeo` என்ற அமைப்பு பத்தில் ஒரு நொடிக் கணக்கில் எழுதப்படுவது. டிசிபி வழியாகப் பொருத்தினால் அதன் இயல்பு மதிப்பு 600, அதாவது ஒரு நிமிடம். மறுமுயற்சிகளும் வீணானால் கெர்னல் பதிவேட்டில் "not responding, still trying" என்று ஒரு வரி வரும். சர்வர் மூன்று நாள் கழித்துத் திரும்பினாலும் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். `soft` என்று பொருத்தினால் சில முயற்சிகளுக்குப் பிறகு நிரலுக்குப் பிழையைத் திருப்பிவிடும், யாரும் சிக்கமாட்டார்கள். ஆனால் எழுதும்போது வரும் பிழையைச் சரியாகக் கவனிக்காத நிரல்கள் ஏராளம். பாதி எழுதிய கோப்பை முழுதாக எழுதியதாக எண்ணி அவை நகர்ந்துவிடும். சிக்கி நிற்பதையும் சத்தமில்லாமல் தரவை இழப்பதையும் எதிரெதிரே வைத்தால், நான் சிக்கி நிற்பதையே தேர்ந்தெடுப்பேன்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை 2008-இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.25 திறந்தது. கெர்னல் நிரலாளர் மேத்யூ வில்காக்ஸ் `TASK_KILLABLE` என்ற புதிய தூக்கத்தைச் சேர்த்தார். சாதாரணச் சிக்னல்களுக்கு இது எழாது, ஆனால் பிராசஸைக் கட்டாயம் முடிக்கப்போகும் சிக்னல் வந்தால் மட்டும் எழும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பொதுவான சிக்னலுக்கு எழுப்பினால், நிரல் தொடர்ந்து ஓடப்போகிறது, "உன் வாசிப்பு பாதியில் நின்றது" என்று அதற்குச் சொல்ல வேண்டும், அதை எதிர்பார்க்காத பழைய நிரல்கள் தடுமாறும். இறக்கப்போகும் நிரலுக்கு அந்தக் கவலை இல்லை. அது எதையும் பார்க்கப் போவதில்லை. கெர்னல் தன் பக்கத்தைச் சுத்தமாகப் பின்வாங்கினால் போதும். என்எஃப்எஸ் காத்திருப்பின் பெரும்பகுதி இந்தப் புதிய தூக்கத்துக்கு மாறியது. அதனால் இன்று, போய்விட்ட என்எஃப்எஸ் சர்வருக்காகக் காத்திருக்கும் ஒரு `cp` பெரும்பாலும் `kill -9`-க்குப் போய்விடுகிறது.

ஆனால் `ps` இந்த இரண்டையும் D என்றே காட்டுகிறது. ஆகவே D என்று கண்டவுடன் கொல்ல முடியாது என்று கைவிடத் தேவையில்லை, ஒரு முறை `kill -9` கொடுத்துப் பார்க்கலாம். போனால் புதுத் தூக்கம். போகாவிட்டால் பழையது, மறுபடி கொடுப்பதில் பயனில்லை. நம் `touch` சிக்கியது பழைய வகையில்.

கெர்னல் தானாகவே இவற்றைக் கவனிக்கவும் செய்கிறது. `khungtaskd` என்ற இழை அவ்வப்போது எழுந்து, பழைய வகை D தூக்கத்தில் 120 நொடிக்கு மேல் அசையாமல் கிடப்பவை உண்டா என்று பார்க்கும். இருந்தால் `dmesg` பதிவில் "task touch:4127 blocked for more than 120 seconds" என்பது போன்ற வரியும், அதன்கீழ் அது கெர்னலுக்குள் எங்கே நிற்கிறது என்ற தடமும் வரும். இந்த வரியை ஏதோ கெர்னல் செயலிழந்துவிட்டது என்று எண்ணிப் பதறுகிறவர்கள் உண்டு. அது வெறும் தகவல். எதையும் அது கொல்வதில்லை. எழுப்புவதும் இல்லை.

இன்னொரு இடத்திலும் D தன் முகத்தைக் காட்டும், அது இன்னும் குழப்பமானது. `uptime` கொடுத்தால் வரும் சராசரிச் சுமை எண்களைச் சிபியுவின் சுமை என்றே பலரும் படிக்கிறார்கள். லினக்ஸில் அது R நிலையில் உள்ளவற்றோடு D நிலையில் உள்ளவற்றையும் சேர்த்த எண்ணிக்கை. நம் சோதனையில் `touch` ஒன்று மட்டும் சிக்கியிருந்தால், சும்மா கிடக்கும் கணினியிலும் ஒரு நிமிடச் சராசரி முதல் நிமிட முடிவில் ஏறக்குறைய 0.63 ஆகவும், ஐந்து நிமிடத்தில் ஒன்றை ஒட்டியும் வந்து நிற்கும். இணையச் சேவையகம் ஒன்றின் நாற்பது பிராசஸ்கள் ஒரே சேமிப்பகத்துக்காகச் சிக்கினால் சுமை 40 என்று காட்டும், சிபியுவோ கிட்டத்தட்ட ஓய்வில் இருக்கும். இப்படி D-யைச் சேர்த்தது 1993-இல் மத்தியாஸ் உர்லிக்ஸ் அனுப்பிய ஒரு திருத்தம். வேகமான டிஸ்குக்குப் பதிலாக மெதுவான டிஸ்கை மாட்டினால் கணினி திணறும், ஆனால் சுமை எண் குறையும், இது முறையல்ல என்பது அவர் வாதம். இந்தத் திருத்தத்தைப் பழைய அஞ்சல்களில் தேடிக் கண்டுபிடித்து 2017-இல் எழுதியவர் பிரெண்டன் கிரெக். சுமை ஏறியிருக்கிறது, சிபியு ஓய்வில் இருக்கிறது என்று ஒருசேரக் கண்டால், அடுத்துத் தேட வேண்டியது D எழுத்துகளைத்தான்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. ஓரிரு கணம் D என்று தோன்றி மறைவது முற்றிலும் இயல்பு. டிஸ்கைப் படிக்கும் எந்த நிரலும் அப்படித் தோன்றும். சில நொடி இடைவெளியில் திரும்பத் திரும்பப் பாருங்கள். WCHAN மாறிக்கொண்டே இருந்தால் டிஸ்க் மெதுவாக இருக்கிறது, அவ்வளவுதான். அதே எண், அதே எழுத்து, அதே WCHAN என்று நிமிடக்கணக்கில் நின்றால்தான் சிக்கல். அப்போதும் `ps aux` கொடுக்காமல் கீழே உள்ளதுபோல் சுருக்கமாகக் கேட்பது பாதுகாப்பு:

```
ps -eo pid,stat,wchan:24,comm | awk '$2 ~ /^D/'
```

காரணம், `ps aux` ஒவ்வொரு பிராசஸின் முழுக் கட்டளை வரியையும் படிக்கப் போகும். அது அந்தப் பிராசஸின் நினைவகத்திலேயே இருக்கிறது. சிக்கிய பிராசஸ் தன் நினைவக வரைபடத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு தூங்கியிருந்தால், படிக்கப் போன `ps` கட்டளையும் அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடும். `comm` என்ற குறும்பெயரை மட்டும் கேட்டால் அந்தப் பக்கம் போகவே தேவையில்லை.

எண் கிடைத்ததும் `root` ஆக இருந்து `/proc/4127/stack` கோப்பைப் படித்தால், எந்த வழியாக எங்கே வந்து நிற்கிறது என்ற படிநிலை தெரியும். நம் சோதனையில் அதில் `mnt_want_write` என்ற பெயர் இருக்கும்: எழுதுவதற்கு அனுமதி கேட்டு நிற்கிறது என்று பொருள். `nfs_` என்றோ `rpc_` என்றோ தொடங்கும் பெயர்கள் வரிசையாக வந்தால் தொலைவில் உள்ள சர்வர். `ext4_` அல்லது `xfs_` பெயர்களோடு `io_schedule` என்று இருந்தால் கீழே உள்ள டிஸ்க். சிக்கிய எல்லாவற்றின் தடத்தையும் ஒரே முறையில் `dmesg` பதிவில் இறக்க `echo w > /proc/sysrq-trigger` போதும். இருபது பிராசஸ்கள் சிக்கியிருந்தால், பத்தொன்பது பூட்டுக்காகவும் ஒன்று மட்டும் சாதனத்துக்காகவும் காத்திருப்பது வழக்கம். அந்த ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும்.

பிடித்த பிறகு செய்ய வேண்டியது பிராசஸை அல்ல, அது காத்திருப்பதைச் சரிசெய்வது. பேக்கப் மென்பொருள் உறையவைத்துவிட்டு நடுவில் தானே செத்துப்போயிருந்தால் `fsfreeze -u`. என்எஃப்எஸ் என்றால் அந்தச் சர்வரை அதே முகவரியில் மீண்டும் எழுப்புவது. முடியாவிட்டால் `umount -f` கொடுத்துப் பார்க்கலாம். நிலுவையில் உள்ள கோரிக்கைகளுக்குப் பிழையைத் திருப்பி, காத்திருப்பவற்றை விடுவிக்க அது முயலும். `umount -l` வேறு வகை. அந்த இடத்தைப் பெயர்ப் பட்டியலிலிருந்து மறைக்கும், புதிதாக யாரும் போய்ச் சிக்கமாட்டார்கள், ஆனால் ஏற்கெனவே சிக்கியவை சிக்கியபடியே இருக்கும். உள்ளூர் டிஸ்க் பழுதாகி இருந்தால் பல நேரங்களில் பொறுமையே மருந்து. ஒரு கட்டளைக்கு டிஸ்க் பதில் சொல்ல கெர்னல் தரும் இயல்பான அவகாசம் 30 நொடி, `/sys/block/sda/device/timeout` கோப்பில் அதைப் பார்க்கலாம். அதற்கப்பால் மறுமுயற்சிகள், இணைப்பை மீளமைத்தல் என்று சில நிமிடங்கள் ஓடும். கடைசியில் பிழை என்று முடிவாகிப் பிராசஸ் எழும். முன்பே வந்து கிடக்கும் 9-ஐ அப்போது படித்துப் போய்விடும்.

எந்தப் பிழையும் திரும்பாமல், எந்த அவகாசமும் தீராமல், சாதனத்தை இயக்கும் கெர்னல் நிரலிலேயே கோளாறு இருந்து என்றென்றைக்குமாக நின்றுவிட்டதென்றால், மறுதொடக்கம் தவிர வழியில்லை. அதுவும் சுலபமாக நடக்காது. `reboot` கொடுத்தால் `systemd` ஒவ்வொரு சேவையையும் முடிக்கச் சொல்லி, வழக்கமாக 90 நொடி பொறுத்து, பிறகு 9-ஆம் சிக்னலை அனுப்பும். அது ஏன் பலிக்காது என்று பார்த்துவிட்டோம். அடுத்துக் கோப்பு முறைமைகளைக் கழற்றப் போகும்போதும் அதே டிஸ்கில் போய் முட்டும். முன்னெச்சரிக்கையாக `sync` கொடுக்கலாம் என்றால், செத்த டிஸ்கில் எழுதக் காத்திருந்து அந்த `sync` கட்டளையும் பட்டியலில் இன்னொரு D ஆகச் சேர்ந்துவிடும். அதனால் நல்ல நிலையில் உள்ள டிஸ்கை மட்டும் குறிப்பிட்டு, `sync -f /home` என்பதுபோல் அந்தக் கோப்பு முறைமையை மட்டும் எழுதி முடிக்கச் சொல்லிவிட்டு, பிறகு `echo b > /proc/sysrq-trigger` கொடுப்பார்கள். இந்தக் கட்டளை எந்தப் பிராசஸுக்கும் சிக்னல் அனுப்புவதில்லை, எதையும் கழற்றுவதில்லை. அந்த நொடியிலேயே கணினியை மறுதொடக்கத்துக்கு அனுப்பிவிடுகிறது.